அரசமர வேரும் ஆறு அங்குலக் குழாயும்: பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சாக்கடை லைன்

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கும் ஸ்டோர் வீடு அது. பதினெட்டு அடி அகலம், தொண்ணூறு அடி நீளம். கீழும் மேலுமாகப் பன்னிரண்டு போர்ஷன். நடுவில் மூன்றரை அடி அகல நடை ஒன்று வாசலிலிருந்து பின்கட்டு வரை ஓடுகிறது. அந்த நடைக்குக் கீழேதான் எல்லா வீட்டுச் சாக்கடையும் போகிறது. பக்கத்து மனையில் அம்மன் கோயில், கோயிலுக்குப் பின்னால் அரசமரம், மரத்தடியில் நாகர் கல். மரத்துக்கும் நம் குழாய்க்கும் பதினைந்து அடி தூரம் இருக்கும்.

வருஷத்துக்கு ஒரு தடவை என்று ஆரம்பித்த அடைப்பு, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஆகி, போன ஐப்பசி மழைக்குப் பிறகு மாதம் இரண்டு தடவை ஆகிவிட்டது. ஒவ்வொரு முறையும் ஆள் வந்து மூங்கில் பத்தை விட்டுக் குத்துவார். தண்ணீர் போய்விடும். பணம் வாங்கிக்கொண்டு போவார். தை மாதம் வீட்டுக்கார அம்மா என்னைக் கூப்பிட்டபோது முதலில் கேட்டது இதுதான்: “தம்பி, முழுசா தோண்டிப் புதுசா போட்டுடலாமா? இல்ல, உள்ளாரயே ஏதோ லைனிங் போடறாங்களாமே, அது போடலாமா?”

லைனிங் என்றால், தோண்டாமல் பழைய குழாய்க்குள்ளேயே ரெசின் என்ற பசை ஊறிய துணிக் குழலை விட்டு இறுகவைப்பது. இந்தக் கேள்விக்குக் குழாயின் உள்ளே பார்க்காமல் பதில் சொல்லவே முடியாது. பார்த்த பிறகு இந்த வீட்டில் கிடைத்த பதில், ஒரு பகுதிக்குத் தோண்டல், ஒரு பகுதிக்கு லைனிங், இன்னொரு பகுதிக்கு இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம் என்பது. ஒரே குழாயில் மூன்று விதமான முடிவு எப்படி வந்தது என்பதை முழுசாக எழுதுகிறேன்.

சேம்பரில் கிடைத்த தடயங்கள்

கேமரா கொண்டுபோவதற்கு முன்னால், கடைசியாக அடைப்பு எடுத்தவரிடம் ஒரு விஷயம் கேட்டேன். குத்தியபோது வாசல் சேம்பரில் என்ன வந்து விழுந்தது? “வேருங்கண்ணா, தலைமுடி மாதிரி கொத்துக் கொத்தா. அப்புறம் ஒரு பாண்டு மணல்.”

இந்த இரண்டையும் தனித்தனியாக வாசிக்க வேண்டும். வேர் வருகிறது என்றால் ஜாயிண்ட் திறந்திருக்கிறது. மணல் வருகிறது என்றால் குழாயைச் சுற்றியிருக்கும் மண் உள்ளே இறங்கிக்கொண்டிருக்கிறது, அதாவது குழாய்க்கு வெளியே எங்கேயோ ஒரு குழி உருவாகிக்கொண்டிருக்கிறது. வேரைவிட மணல்தான் எனக்குப் பயம். பன்னிரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற மணல், வாசல் கழுவுகிற மணல் என்று கொஞ்சம் வரும், அது வேறு. ஒவ்வொரு தடவையும் ஒரு பாண்டு வந்தால் அது தரைக்குள்ளிருந்து வருகிற மணல்.

மூன்றாவதாக ஒன்றை நானே பார்த்தேன். மத்தியானம் இரண்டு மணிக்கு எல்லா வீட்டிலும் குழாயை மூடச் சொல்லிவிட்டு, அரை மணி நேரம் கழித்து வாசல் சேம்பரில் குனிந்து பார்த்தபோது, குழாய் வாயில் மெல்லிய நூலாகத் தெளிந்த தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. ஒரு லிட்டர் மக்கைப் பிடித்துப் பார்த்தேன், நான்கு நிமிடத்தில் நிறைந்தது. ஒரு நாளைக்கு 360 லிட்டர். யாரும் குழாய் திறக்காத நேரத்தில் வருகிற தெளிந்த தண்ணீர் நிலத்தடி நீர்தான். வடசென்னையின் கடலோர மணல் பூமியில், வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு, ஒரு மீட்டர் தோண்டினாலே தண்ணீர் தட்டுப்படும் இடங்கள் நிறைய. விரிசல் விட்ட குழாய் அந்த நேரத்தில் வடிகால் மாதிரி வேலை செய்யும். சித்திரையில் நீர்மட்டம் இறங்கியதும் அதே விரிசல் வழியாகச் சாக்கடை வெளியே போகும். இது ஏன் முக்கியம் என்பது பின்னால் வருகிறது.

குழாயின் உள்ளே

குழாய் பழுப்பு நிறத்தில், உள்ளும் புறமும் பளபளப்புப் பூச்சுள்ள சுட்ட களிமண் குழாய். ஸ்டோன்வேர் என்று சொல்லுவோம். ஆறு அங்குல விட்டம், ஒவ்வொரு துண்டும் இரண்டடி. ஒரு துண்டின் வால் அடுத்த துண்டின் சாக்கெட்டுக்குள் உட்காரும். இடைவெளியில் தார் தோய்த்த சணல் கயிற்றைச் சுற்றி, அதன்மேல் சிமெண்டுக் கலவையை அடைப்பார்கள். இந்த வீட்டில் பின் சேம்பரிலிருந்து வாசல் சேம்பர் வரை 26 மீட்டர். இரண்டடிக்கு ஒன்றாக நாற்பதுக்கும் மேற்பட்ட ஜாயிண்ட். களிமண் குழாய்க்கு வயசாவதில்லை. சாக்கடையின் அமிலமும் அதை ஒன்றும் செய்யாது. வயசாவது ஜாயிண்டுக்குத்தான். சிமெண்டு வளையாது. மண் அரை அங்குலம் இறங்கினாலும் ஜாயிண்டில் மயிரிழை விரிசல் விழும், சணல் மக்கும்.

வேர் குழாயை உடைத்துக்கொண்டு உள்ளே வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல குழாயை வேர் உடைக்காது. ஏற்கெனவே இருக்கிற மயிரிழை விரிசலிலிருந்து கசியும் ஈரத்தைத் தேடி, அதே அளவு மெல்லிய வேர் உள்ளே நுழைகிறது. உள்ளே தண்ணீரும் உரமும் கிடைத்ததும் அங்கேயே கிளைத்துக் கொத்தாகிறது. விரிசலுக்குள் இருக்கும் பகுதி வருஷா வருஷம் பருத்து, ஜாயிண்டை அகலப்படுத்துகிறது. தினமும் தண்ணீர் ஓடும் குழாயில் வேர் பெரும்பாலும் மேல்பக்கத்திலிருந்து திரைச்சீலை மாதிரி தொங்கும். அந்தத் திரையில் எண்ணெய்ப் பிசுக்கும் துணியும் சோற்றுப் பருக்கையும் சிக்கி அடைப்பாகிறது.

முதலில் ஜெட் தண்ணீரால் கழுவி, வேர் வெட்டும் தலையை விட்டுக் குழாயைச் சுத்தம் செய்தோம். அப்புறம் எல்லா வீட்டிலும் தண்ணீரை நிறுத்தி, பின் சேம்பரிலிருந்து கேமராவைத் தள்ளினோம். தண்ணீரை நிறுத்துவது அவசியம். ஓடும் தண்ணீரோடு எடுத்த படத்தில் எது தேங்கிய தண்ணீர், எது ஓடுகிற தண்ணீர் என்று தெரியாது.

முதல் ஆறு மீட்டர் சுத்தம். 6.2 மீட்டரில் ஜாயிண்டின் மேல்பக்கம் வெட்டுப்பட்ட வேர்நுனிகள் பிரஷ் மாதிரி தெரிந்தன. அங்கிருந்து 13 மீட்டர் வரை ஏறக்குறைய ஒவ்வொரு ஜாயிண்டிலும் வேர். இந்தப் பகுதிதான் அரசமரத்துக்கு நேர் எதிரே. 9.8 மீட்டரில் ஒரு துண்டு நீளவாக்கில் விரிசல் விட்டிருந்தது. ஆனால் துண்டுகள் இடம் பெயரவில்லை, வட்டம் வட்டமாகவே இருந்தது. 11 மீட்டரில் பக்கவாட்டிலிருந்து தெளிந்த தண்ணீர் முத்து முத்தாக வழிந்துகொண்டிருந்தது. மத்தியானம் மக்கில் பிடித்த தண்ணீரில் பெரும்பகுதி இதுதான்.

14.5 மீட்டரில் படம் மாறியது. அதுவரை கேமராவுக்குக் கீழே ஈரத் தடம் மட்டும் இருந்த இடத்தில் தண்ணீர்க்கோடு மெல்ல ஏறத் தொடங்கியது. 15.5-இல் லென்ஸ் பாதி முங்கியது. 16-இல் முழுசாக முங்கி, திரையில் பழுப்பு நிறம் தவிர ஒன்றும் தெரியவில்லை. 16.8-இல் வெளியே வந்தது. வந்த இடத்தில் குழாயின் மேல் ஓடு ஒரு கையளவு உடைந்து உள்ளே விழுந்திருந்தது. அந்த ஓட்டை வழியாக மேலே பார்த்தால் மண் தெரியவில்லை, இருட்டு தெரிந்தது. பாண்டு பாண்டாக மணல் எங்கிருந்து வந்தது என்பதற்குப் பதில் அந்த இருட்டு.

18 மீட்டருக்குப் பிறகு வாசல் சேம்பர் வரை குழாய் நன்றாகவே இருந்தது. 21 மீட்டரில் மட்டும் ஒரு ஜாயிண்டு அரை அங்குலம் படியாக இறங்கியிருந்தது. வேர் இல்லை, கசிவு இல்லை.

வாட்டம் இருக்கிறதா

கேமரா படத்தோடு நிறுத்திவிடக் கூடாது. அடுத்து டியூப் மட்டம் எடுத்து, பின் சேம்பரில் குழாயின் அடிமட்டத்தையும் வாசல் சேம்பரில் அடிமட்டத்தையும் அளந்தோம். வித்தியாசம் 38 சென்டிமீட்டர். 26 மீட்டருக்கு 38 சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய 68-க்கு ஒன்று வாட்டம், அதாவது 68 அடி நீளத்துக்கு ஓரடி சரிவு. ஆறு அங்குலக் குழாய்க்கு 60-க்கு ஒன்று என்பது பழைய கொத்தனார் கணக்கு. 100-க்கு ஒன்று இருந்தாலே வீட்டுச் சாக்கடை ஓடும். ஆக, லைனின் மொத்த வாட்டம் சரியாக இருக்கிறது. கெட்டுப்போனது 14.5-க்கும் 17-க்கும் இடையில் இருக்கும் தொய்வு மட்டும்.

லைனிங்கா தோண்டலா என்பது இந்த அளவில்தான் முடிவாகிறது. லைனர் என்பது பழைய குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு இறுகும் சட்டை. பழைய குழாய் என்ன வடிவத்தில் இருக்கிறதோ அந்த வடிவத்தைத்தான் எடுக்கும். வேர் நுழையும் ஜாயிண்டை அது மூடும், விரிசலை மூடும், கைப்பிடியளவு ஓட்டையைக்கூடத் தாண்டிப் போகும். தொய்ந்த குழாயை நிமிர்த்தாது. பின்வாட்டத்தை முன்வாட்டம் ஆக்காது. தொய்வுக்குள் லைனிங் போட்டால், கசியாத, வேர் நுழையாத, ஆனால் அதே அளவு தண்ணீரும் மலமும் தேங்குகிற குழாய் கிடைக்கும். தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டில் அப்படிப் போட்ட லைனை நான் கேமராவில் பார்த்திருக்கிறேன். உள்ளே பளிங்கு மாதிரி இருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அடைத்துக்கொண்டும் இருந்தது. பணம் கட்டிய மனிதர் “வேரே இல்லையே சார், அப்புறம் ஏன்?” என்று கேட்டார். படத்தில் தண்ணீர்க்கோட்டை அவருக்குக் காட்ட வேண்டியிருந்தது.

இங்கே மொத்த வாட்டமே இல்லாமல் போயிருந்தால், எவ்வளவு கஷ்டமானாலும் முழு லைனையும் தோண்டித்தான் ஆக வேண்டும் என்று சொல்லியிருப்பேன்.

முன்பகுதியை ஏன் உடனே தோண்டினோம்

தொய்வு இருந்த இடம் நடை முடிந்து முன்முற்றம் தொடங்கும் இடம். அங்கே, குழாயிலிருந்து மூன்றடி தள்ளி, தண்ணீர் சம்ப். சம்ப் கட்டத் தோண்டியபோது சுற்றி நிரப்பிய மண்ணைச் சரியாக இடித்துக் கெட்டிப்படுத்தவில்லை. குழாய்க்குக் கீழே இருந்த மண் அந்தப் பக்கம் சரிந்திருக்கிறது. குழாய் தொய்ந்து, ஜாயிண்டு திறந்து, மணல் உள்ளே இறங்கி, ஓடு உடைந்தது.

நிலத்தடி நீர் உயரமாக இருக்கும் தை மாதத்தில் தண்ணீர் குழாய்க்குள் வருகிறது. பங்குனிக்குப் பிறகு நீர்மட்டம் இறங்கினால் உடைந்த இடத்திலிருந்து சாக்கடை வெளியே போகும், மூன்றடியில் சம்ப். அந்த சம்பின் அடிமட்டம் குழாயைவிடத் தாழ்வு. பன்னிரண்டு குடும்பமும் குடிநீர் வாரியத் தண்ணீரை அதில்தான் பிடித்து வைக்கிறார்கள். சம்ப் சுவரில் ஒரு விரிசல் இருந்தால் போதும். அதனால் சித்திரை வரை காத்திருக்க நான் ஒப்பவில்லை. சரிசெய்து முடிக்கும் வரை சம்ப் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம் என்றும் சொன்னோம்.

14 மீட்டரிலிருந்து 18 மீட்டர் வரை, நான்கு மீட்டர். குழாய் ஒரு மீட்டர் ஆழத்தில்தான் இருந்தது, மேலே திறந்த முற்றம். ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழம் போனால் பலகை கொடுத்து முட்டு வைக்காமல் யாரையும் பள்ளத்தில் இறக்கக் கூடாது. இங்கே அந்த ஆழம் இல்லை என்றாலும், மணல் பூமி, கீழே ஈரம், பக்கத்தில் சம்ப் என்பதால் சம்ப் பக்கம் மட்டும் பலகை வைத்தோம். ஒரு மூலையில் சின்னக் குழி எடுத்துச் சிறிய மோட்டாரால் தண்ணீரை இறைத்தோம். வேகமாக இறைக்கக் கூடாது. வருகிற தண்ணீர் கலங்கலாக இருந்தால் மண்ணும் சேர்ந்து வருகிறது என்று அர்த்தம், பக்கத்துச் சுவருக்குக் கீழே வெற்றிடம் விழும்.

குழாயைத் திறந்தபோது மேலே ஒரு கூடை அளவு குழி, அதன்மேல் நான்கு அங்குல சிமெண்டுத் தரை மட்டும் நின்றுகொண்டிருந்தது. அந்தத் தரையில்தான் பசங்க கேரம் போர்டு வைத்து விளையாடுவார்கள்.

ஈரமண்ணை எடுத்துவிட்டு, பொடி ஜல்லி பரப்பி இடித்து, பூமிக்கடியில் போடுவதற்கென்றே வரும் பி.வி.சி. குழாயை ரப்பர் வளைய ஜாயிண்டோடு, வாட்டம் பார்த்துப் போட்டோம். 14 மீட்டரில் ஒரு புதிய சேம்பர் கட்டினோம். இது முக்கியமான முடிவு. லைனிங்கை இழுத்து நிறுத்த ஒரு வாயும் கிடைத்தது, இனிமேல் அடைத்தால் நடுவில் பார்க்க ஓர் இடமும் கிடைத்தது.

நடைக்குக் கீழே ஏன் தோண்டவில்லை

மீதி 14 மீட்டர், வேர் நிறைந்த பகுதி, முழுக்க நடைக்குக் கீழே. நடையின் ஒரு பக்கச் சுவர் சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் சுவர். மேல்மாடியின் மெட்ராஸ் டெரஸ் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ஓர் இடத்தில் சின்னக் குழி எடுத்துப் பார்த்தோம், அஸ்திவாரம் இரண்டடிகூட இறங்கவில்லை. குழாயோ இரண்டரை முதல் மூன்றடி ஆழத்தில், சுவரிலிருந்து ஓரடி தள்ளி. அஸ்திவாரத்தைவிடத் தாழ்வாக, அதன் காலடியிலேயே, நாற்பத்தைந்து அடி நீளத்துக்குப் பள்ளம் எடுப்பது என்றால் சுவரின் கீழ்மண்ணை உருவி எடுப்பது மாதிரி. நான்கடி நான்கடியாகத் தோண்டி, குழாய் போட்டு மூடி, அடுத்த நான்கடி என்று போகலாம். நானே வேறு இடத்தில் செய்திருக்கிறேன். ஆனால் இந்த நடைதான் பின்கட்டில் இருக்கும் ஆறு குடும்பத்துக்கு ஒரே வழி. மூன்று வாரம் பள்ளத்தின்மேல் பலகை போட்டு நடப்பார்கள். அதில் எழுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் மூன்று பேர்.

குழாய் பக்கமும் சாதகமாக இருந்தது. வாட்டம் சரி, வட்டம் சரி, துண்டுகள் நேர்கோட்டில். குறை ஜாயிண்டில் மட்டும். லைனிங்குக்கு இதைவிடப் பொருத்தமான குழாய் கிடைக்காது. அடிக்கு அடி பார்த்தால் லைனிங்தான் விலை அதிகம். தரையை உடைத்துப் போடுவது, சுவருக்கு முட்டு, இருபது நாள் கூலி எல்லாம் சேர்த்தபோது வித்தியாசம் மறைந்தது.

மரத்தை வெட்டலாமே என்று ஒரு குடித்தனக்காரர் கேட்டார். கோயில் அரசமரத்தை யாரும் வெட்டப்போவதில்லை, வெட்டச் சொல்லவும் எனக்கு மனமில்லை. இன்னொருவர் மயில்துத்தம் கரைத்து ஊற்றலாம் என்றார். ஊற்றிய கரைசல் குழாயின் அடியில் ஓடிப் போய்விடும், வேர் தொங்குவதோ மேல்பக்கத்தில். வேரில் படுவது கொஞ்சம்தான். மீதியெல்லாம் கொடுங்கையூர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், அங்கே கழிவைத் தின்று சுத்தம் செய்யும் நுண்ணுயிர்களைக் கொல்லும். வெட்டி விடுவது மட்டும் போதுமா என்றால், வெட்டிய வேர் இன்னும் அடர்த்தியாகக் கிளைக்கும். சில மாதத்தில் பழைய நிலைதான்.

சித்திரையில் ஒரு விடியற்காலை

லைனிங்கைத் தையில் போடாமல் சித்திரைக்குத் தள்ளிவைத்ததற்குக் காரணம் 11 மீட்டரில் வழிந்த அந்தத் தண்ணீர். லைனர் துணியில் ஊறியிருக்கும் ரெசின் இறுகுவதற்கு முன் அதன்மேல் தண்ணீர் வழிந்தால் ரெசினைக் கழுவிக்கொண்டு போகும், அந்த இடத்தில் லைனர் வெறும் துணியாக நின்றுவிடும். கசிவை முதலில் ரசாயனம் செலுத்தி அடைக்கலாம், அது தனிச் செலவு. நீர்மட்டம் தானாக இறங்கும்போது காத்திருப்பது நல்லது. இடையில் ஒரு தடவை வேர் வெட்டிவிட்டோம். சித்திரை முதல் வாரம் மறுபடி கேமரா விட்டபோது 11 மீட்டர் காய்ந்திருந்தது.

லைனிங் முறை 1971-இல் லண்டனில் எரிக் வுட் என்ற பொறியாளர் தொடங்கியது. அடிப்படை இன்றும் அதேதான். கம்பளி மாதிரி தடித்த செயற்கை இழைத் துணியில் குழல். ஒரு பக்கம் பிளாஸ்டிக் பூச்சு, ஒரு பக்கம் வெறும் இழை. இழையில் ரெசினை ஊறவைத்து, காற்றழுத்தத்தால் சட்டைக் கையை உள்வெளியாகத் திருப்புவது மாதிரி குழாய்க்குள் திருப்பிக்கொண்டே போவார்கள். ரெசின் பக்கம் பழைய குழாய்ச் சுவரில் போய் ஒட்டும், பிளாஸ்டிக் பக்கம் உள்ளே வரும்.

நாங்கள் எடுத்தது நாலரை மில்லிமீட்டர் தடிமன், 14 மீட்டர். கணக்குப் போட்டால் துணியின் கன அளவு ஏறக்குறைய 30 லிட்டர். அதில் இழை போக வெற்றிடம் நூற்றுக்கு 85 என்று வைத்து, விரிசலுக்குள் போகிற ரெசினுக்காகப் பத்து சதவீதம் கூட்டினால் 28 லிட்டர் எபாக்சி ரெசின். பாலியெஸ்டர் ரெசின் விலை குறைவு, ஆனால் ஸ்டைரீன் நாற்றம் பாத்ரூம் வழியாக எல்லா வீட்டுக்குள்ளும் ஏறும். பன்னிரண்டு குடும்பம் நெருக்கியிருக்கும் இடத்தில் அது வேண்டாம்.

எபாக்சிக்கு எதிரி சென்னை வெயில். கலந்த நிமிடத்திலிருந்து அது சூடாகத் தொடங்கும். வெப்பம் பத்து டிகிரி கூடினால் வேலை செய்யக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். வாளியில் மொத்தமாக வைத்தால் தன் சூட்டிலேயே கொதித்துக் கல்லாகிவிடும். அதனால் முந்தின இரவே ரெசின் கேன்களை மீன் பெட்டிக்குள் வைத்து, காசிமேட்டிலிருந்து ஐஸ் கட்டி வாங்கிவந்து உடைத்துச் சுற்றிலும் கொட்டினோம். காலை ஐந்து மணிக்குக் கலந்தோம். குழலின் ஒரு முனையில் வேக்குவம் பிடித்து, மறுமுனையில் ஊற்றி, இரண்டு உருளைக்கு நடுவே மெல்ல இழுத்தோம். ஊறிய இடம் வெள்ளையிலிருந்து மங்கிய சாம்பல் நிறமாக மாறிக்கொண்டே போகும். வெள்ளைத் திட்டு எங்கேயாவது நின்றால் அங்கே ரெசின் ஏறவில்லை. அந்த இடம் பின்னால் கசியும், வேர் வரும். இரண்டு இடத்தில் வெள்ளை தெரிந்தது. திரும்ப உருட்டி ஊறவைத்தோம்.

பின் சேம்பரிலிருந்து அரை பார் காற்றழுத்தத்தில் திருப்பத் தொடங்கி, புதிய சேம்பரில் முனை எட்டிப் பார்த்தபோது ஆறே கால். இரண்டு முனையிலும் லைனருக்கும் பழைய குழாய்க்கும் நடுவில், தண்ணீர் பட்டால் உப்பும் ரப்பர் வளையம் ஒன்று வைத்திருந்தோம். பிறகு சுடுதண்ணீரைச் சுழலவிட்டு மூன்று மணி நேரம். அதுவரை அழுத்தத்தை இறக்கக் கூடாது. இறக்கினால் லைனர் சுவரிலிருந்து பிரிந்து சுருங்கும். அன்றைக்குப் பின்கட்டு வீடுகளின் கழிவைப் பின் சேம்பரில் தடுத்து, தரைமேல் ஹோஸ் போட்டு, பம்பால் வாசல் சேம்பருக்குத் தள்ளினோம். நடுவில் இணைப்பு இருந்த வீடுகள் மத்தியானம் வரை பொறுத்துக்கொண்டன. குழாய்க்குள்ளோ மேன்ஹோலுக்குள்ளோ ஆளை இறக்கும் பேச்சே இல்லை. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் இறக்கமாட்டேன்.

இணைப்புகளைத் திறப்பது

லைனர் போன வழியில் மூன்று வீட்டு இணைப்புகளின் வாய் மூடிப்போயிருக்கும். அவற்றை உள்ளேயிருந்து வெட்டித் திறக்க வேண்டும். முன்கூட்டியே ஒவ்வொரு வீட்டிலும் சொட்டு நீலம் கலந்த தண்ணீரை ஊற்றி, கேமராவில் நீலம் எங்கே வருகிறது என்று பார்த்துத் தூரத்தைக் குறித்திருந்தோம். 4.1 மீட்டரிலும் 8.7 மீட்டரிலும் நீலம் வந்தது. 12.3-இல் எந்த வீட்டிலிருந்தும் வரவில்லை. எப்போதோ இருந்த குழாயடியின் செத்த இணைப்பு அது. அதைத் திறக்கவில்லை. லைனருக்குப் பின்னால் நிரந்தரமாக மூடிக்கிடக்கட்டும்.

8.7-இல் பிழை செய்தோம். கேமராக் கம்பி வளைந்திருந்ததில் அளவு ஏழு சென்டிமீட்டர் தள்ளிவிட்டது. லைனரில் இணைப்பு வாய் இருக்கும் இடம் லேசாகக் குழிந்து தெரியும். அந்தக் குழிவைப் பார்த்துத்தான் வெட்டித்தலையை நிறுத்த வேண்டும். எங்கள் பையன் எண்ணைப் பார்த்து நிறுத்தினான். நல்லவேளை, முதல் துளை சுண்டுவிரல் அளவிலேயே பின்னால் ஓடு தட்டியது, நிறுத்திவிட்டோம். அந்தத் துளையின்மேல் ஓரடி நீளத்தில் ஒரு ஒட்டு லைனர் போட வேண்டியிருந்தது. அந்த நஷ்டம் எங்களுடையது.

லைனிங் செய்த குழாயில் வேர் மறுபடி வருவதென்றால் இந்த வாய்களில்தான் வரும். பிசுக்குப் பிடித்த பழைய சுவரில் லைனர் முழுக்க ஒட்டாது, காகிதம் அளவு இடைவெளி இருக்கும். பழைய ஜாயிண்டில் நுழைந்த வேர் அந்த இடைவெளியில் ஊர்ந்து, வெட்டிய ஓரத்தில் எட்டிப் பார்க்கும். அதனால் இரண்டு வாயிலும் தொப்பி வடிவத்தில் ஒரு ரெசின் துண்டை உள்ளிருந்து ஒட்டி ஓரத்தை மூடினோம். இதற்கான செலவைக் குறைக்கச் சொல்லிப் பலர் கேட்பார்கள். மரம் பக்கத்தில் இருந்தால் குறைக்கக் கூடாது.

சாயங்காலம் கீழ்முனையையும் இரண்டு வாய்களையும் அடைத்து, குழாயில் தண்ணீர் நிரப்பிப் பின் சேம்பரில் மட்டத்தைச் சாக்பீஸால் குறித்தோம். அரை மணி நேரம் கழித்துக் கோடு இருந்த இடத்திலேயே தண்ணீர் நின்றது. குழாயின் உள்விட்டம் ஒன்பது மில்லிமீட்டர் குறைந்திருக்கிறது, ஆனால் இருபதுக்கும் மேற்பட்ட ஜாயிண்டுக்குப் பதிலாக ஒரே வழவழப்பான சுவர் என்பதால் ஓட்டம் குறையவில்லை.

18 மீட்டருக்குப் பிறகு இருந்த எட்டு மீட்டரை அப்படியே விட்டோம். அரை அங்குலப் படியில் அப்போது வேர் இல்லை. அம்மாவின் பணத்தை அங்கே போட எனக்குக் காரணம் தெரியவில்லை. ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு தடவை கேமரா விட்டுப் பார்ப்பது என்று பேசிக்கொண்டோம்.

கார்த்திகையில் போனோம். அதுவரை ஓர் அடைப்பும் வரவில்லை. லைனர் பகுதி காய்ந்த சுவராக இருந்தது, தொப்பிகளின் ஓரம் சுத்தம். பி.வி.சி. பகுதியில் தண்ணீர் எங்கும் தேங்கவில்லை. குழாயை மூடிவிட்டு வாசல் சேம்பரில் மக்கை வைத்தால் பத்து நிமிடத்தில் அடிமட்டும்தான் நனைந்தது. அந்த ஈரம் 21 மீட்டரிலிருந்து வந்தது. படியாக இறங்கிய அந்த ஜாயிண்டின் மேல்ஓரத்தில், திரையில் பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரிகிற அளவுக்கு, வெள்ளையாக ஒரே ஒரு வேர் நூல். அம்மாவுக்கு மொபைலில் காட்டினேன். “இதுவும் அந்த அரசமரத்துதா தம்பி?” என்றார். இவ்வளவு தூரம் அது வரக்கூடியதுதான். நீர்மட்டம் இறங்கியதும், சித்திரையில், அந்த ஜாயிண்டுக்கு மட்டும் இரண்டடி லைனர் போடுவதாக நாள் குறித்துவிட்டு வந்திருக்கிறேன்.